அலுமினியப் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் ஏன் சுடுவதில்லை?

இண்டக்‌ஷன் அடுப்பில் தீயும் இல்லை, பழுக்கக் காயும் கம்பியும் இல்லை. மேலே தெரியும் கண்ணாடித் தட்டுக்கு அடியில், செம்புக் கம்பியைத் தட்டையாகச் சுற்றிய ஒரு சுருள் இருக்கிறது. சமைப்பதற்கான வெப்பம் அந்தச் சுருளில் உண்டாவதில்லை. சுருள் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. வெப்பம் பிறக்கும் இடம் பாத்திரத்தின் அடிப்பாகம். பாத்திரம் இல்லாவிட்டால் இந்த அடுப்பில் சூடு என்பதே இல்லை. சமைத்து முடித்தபின் கண்ணாடி சுடுகிறதென்றால், அது பாத்திரத்திலிருந்து இறங்கிய சூடு.

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50. இந்த வேலைக்கு அந்த வேகம் போதாது. அடுப்புக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அதை முதலில் நேர்திசை மின்சாரமாக்கி, பிறகு வினாடிக்கு 20,000 முதல் 40,000 முறை வரை அலைவுறும்படி வெட்டிச் சுருளுக்குள் அனுப்புகிறது. 20,000க்குக் கீழே போனால் அடுப்பு கீச்சென்று கத்தும்; மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ அதுதான்.

சுருளில் மின்னோட்டம் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்தார். கம்பியில் தூண்டப்படும் மின்சாரத்துக்குக் கம்பியே பாதை. அகலமான உலோகத் தகட்டில் அப்படிப் பாதை ஏதும் வகுக்கப்படவில்லை. அதனால் மின்சாரம் தகட்டுக்குள்ளேயே வட்டமிடுகிறது. அதைத்தான் சுழல் மின்னோட்டம் என்கிறோம். காந்த முனைகளுக்கு நடுவே சுழலும் செம்புத் தட்டு இதனால் சூடாவதை 1855-ல் காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபோகோ. மின்மாற்றிகளிலும் மோட்டார்களிலும் இந்தச் சூடு வீண் இழப்பு. அதைக் குறைக்கத்தான் அவற்றின் இரும்பு உள்ளகத்தை மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். அங்கே வேண்டாத விருந்தாளி, இங்கே சமையல்காரர்.

சுழல் மின்னோட்டம் உலோகத்தின் மின்தடையை எதிர்த்துப் பாயும்போது வெப்பம் உண்டாகிறது. இரும்பில் இதோடு காந்தத் தயக்கத்தால் வரும் சூடும் சிறிது சேரும். பெரும்பங்கு சுழல் மின்னோட்டத்துடையதே.

இங்கே ஒரு கேள்வி எழும். இரும்பைவிட அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அப்படியானால் அதில் சுழல் மின்னோட்டம் தாராளமாகப் பாயுமே, அது ஏன் சூடாவதில்லை? மின்னோட்டம் பாயத்தான் செய்கிறது. ஆனால் தடையில்லாமல் பாயும் மின்னோட்டம் வெப்பத்தை விட்டுச்செல்லாது. ஒரே அளவு மின்னோட்டம் பாயும் இரண்டு தகடுகளில் எதில் தடை அதிகமோ, அதில்தான் சூடு அதிகம்.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள தடை வேறுபாடு சுமார் 6 மடங்குதான். மீதி வேலையைச் செய்வது இரும்பின் காந்தத் தன்மை. வேகமாக மாறும் மின்னோட்டம் உலோகத்தின் முழுத் தடிமனிலும் பரவுவதில்லை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. உலோகம் காந்தத் தன்மை உடையதாக இருந்தால் அந்தப் படலம் இன்னும் மெலியும். வினாடிக்கு 24,000 அலைவு என்று வைத்துக்கொண்டால், அலுமினியத்தில் அது அரை மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். இரும்பில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாது. பாதை ஏறக்குறைய 6 மடங்கு குறுகுகிறது, அந்தப் பாதையின் உலோகமும் 6 மடங்கு அதிகம் தடுக்கிறது. இரண்டையும் பெருக்கினால், மின்னோட்டம் சந்திக்கும் தடை 30 மடங்குக்கு மேல். கணமான அலுமினியப் பாத்திரம் ஏறத்தாழ சும்மா இருக்கும் அதே அடுப்பில் இரும்புத் தோசைக்கல் நிமிடத்தில் காய்ந்துவிடுவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

இதே கணக்கு ஒரு வேடிக்கையையும் காட்டுகிறது. உணவு பொதியும் அலுமினியத் தாளின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அரை மில்லிமீட்டர் படலத்துக்கு அங்கே இடமே இல்லை. குறுகிய பாதையால் அதன் தடை இரும்பின் அளவுக்கே ஏறிவிடுகிறது. எனவே அடுப்பு ஓடும்போது பாத்திரத்துக்கு அடியில் சிக்கிய தாள், கணமான அலுமினியம் காயாத இடத்திலும், காய்ந்து உருகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

செம்பு, பித்தளை, ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு ஆகியவற்றிலும் காந்தத் தன்மை இல்லை. இந்த அடுப்புக்கு அவை உதவா. மண்சட்டியிலும் கண்ணாடிப் பாத்திரத்திலும் மின்சாரமே பாயாது. ஜப்பானில் அலுமினியத்தையும் செம்பையும் சூடாக்கும் அடுப்புகள் விற்பனைக்கு வந்தன. அலைவு வேகத்தை 60,000க்கு மேல் உயர்த்திப் படலத்தை மெலியச் செய்வதே அவற்றின் உத்தி. அவற்றிலும் ஒரு தொல்லை உண்டு: சுழல் மின்னோட்டம் சுருளின் காந்தப்புலத்தை எதிர்ப்பதால், எடை குறைந்த அலுமினியப் பாத்திரம் மேலே தள்ளப்பட்டு நகரப் பார்க்கும்.

அதிகம் குழப்புவது எவர்சில்வர். அது இரும்புக் கலவைதான், ஆனாலும் எல்லா எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. குரோமியத்தோடு நிக்கல் 8 சதவீதம் அளவில் சேர்ந்த 304 ரகத்தில் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டு, இரும்பு தன் காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. நிக்கல் தனியாக இருந்தால் காந்தம் இழுக்கும் உலோகம் என்பது இதில் விந்தை. நிக்கல் சேராத 430 ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும். 304-ன் தடை அலுமினியத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அது கொஞ்சம் சூடாகவே செய்யும். ஆனால் காந்தப்புலம் அந்த மெல்லிய தகட்டைத் துளைத்து மேலே கசிந்துபோகும். அதனால் பல அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று முடிவுகட்டி, கீச்சிட்டு நின்றுவிடும்.

பாத்திரம் செய்பவர்கள் இதற்குக் கண்ட வழி அடுக்கு அடிப்பாகம். கீழே காந்தத் தன்மையுள்ள எஃகுத் தகடு, அதன்மேல் அலுமினியம், உள்ளே 304. எஃகு சூட்டை உண்டாக்குகிறது, அலுமினியம் அதைப் பரப்புகிறது. பரப்பும் வேலை சிறியதல்ல. சுருளின் நடுவிலும் விளிம்பிலும் காந்தப்புலம் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தில்தான் அது வலுவாக இருக்கும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வார்ப்பிரும்பு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், தோசை வளையமாகச் சிவந்து நடுவில் வெளுத்திருப்பதைப் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும் அபாயமும் உண்டு. குறைந்த வேகத்தில் சில நிமிடம் காயவிட்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சமைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தட்டு சூடாகும், பாத்திரமும் மெல்லச் சூடாகும். ஆனால் அந்தத் தட்டு கண்ணாடியையும் அதன் அடியிலுள்ள சுருளையும் சேர்த்தே வேகவைக்கும் என்பதால் நல்ல யோசனை அல்ல.

பாத்திரம் வாங்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அதைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அழுத்தி வளைக்கப்பட்ட இடங்களில் 304 எவர்சில்வர்கூட லேசாக ஒட்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவிலும் ஓரத்திலும் வையுங்கள். இரண்டு இடத்திலும் கெட்டியாக ஒட்டி, அடியும் சமதளமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.