முதல்வர் மேசைக்குப் போகும் ஒரு பக்கம்

பாகூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மறுசுழற்சி மன்றம் தொடங்க அனுமதி கேட்டு முதல்வருக்கு எழுதப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டீ சூடாக இருக்கும்போதே அவளோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதிப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட கடிதங்களில் முதல் பக்கம் முழுக்கப் பூமி சூடாகும், ஆமை சாகும். அதெல்லாம் முதல்வருக்குத் தெரிந்ததுதான். எந்த அறையைக் கேட்கிறார்கள், எந்த ஆசிரியர் பொறுப்பு, காசு யார் கையில் இருக்கும், ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்றுதான் அவர் தேடுவார். அந்த நான்கு பதிலும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும்.

எழுதுவதற்கு முன் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்று கடைக்காரர் சொல்வதுதான் மன்றத்தின் எல்லை. நோட்டு, அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்குவார். கழுவிக் காயவைத்த பால் கவரையும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். பிஸ்கட் கவரைத் தொடமாட்டார்: பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கும் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. இந்த டீ வந்த பேப்பர் கப்பும் அப்படித்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. அதனால் ‘எல்லாக் குப்பையையும் மறுசுழற்சி செய்வோம்’ என்று எழுதிவிடக் கூடாது. கேரி பேக்கைச் சேகரிக்கவும் திட்டம் வேண்டாம். புதுச்சேரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஆகஸ்ட் 1 முதலே தடை இருக்கிறது. அது பள்ளிக்குள் வராமல் பார்ப்பது வேறு வேலை.

அடுத்தது எடை. எல்லோருக்கும் முதலில் பாட்டில்தான் கண்ணில் படும். ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 20 கிராம். ஒரு கிலோ சேர 50 பாட்டில் வேண்டும். 200 பக்க நீள நோட்டு ஏறக்குறைய கால் கிலோ. 40 பேர் வகுப்பில் ஆளுக்கு ஆறு நோட்டு என்றால் 240 நோட்டு, 60 கிலோ. அதே எடைக்குப் பாட்டிலாகச் சேர்த்தால் 3,000 வேண்டும்! ஆக, மன்றத்தின் உண்மையான சரக்கு பழைய நோட்டு. அது குவிவது ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில். பெரிய சேகரிப்பை அந்த வாரத்துக்கு வைத்து, மற்ற மாதங்களில் சின்ன அளவில் நடத்தினாலே போதும்.

இலக்கை இப்போதே எண்ணாகச் சொல்லிவிடவும் கூடாது. முதல் இரண்டு வாரம் எடைபோட்டுக் குறித்தபிறகு சொன்னால்தான் அதற்கு மதிப்பு. கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வரலாம்:

“வகுப்புக்கு இருவர் வீதம் உறுப்பினர்கள் இருப்போம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒவ்வொரு வகுப்பின் சாக்கையும் எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதுவோம். ஈரத்தாள், சாப்பாடு பட்ட தாள் சாக்கில் இருந்தால் அந்த வகுப்புக்கே திருப்பித் தருவோம். விற்ற தொகையைப் பொறுப்பாசிரியர் பெற்றுக்கொள்வார். பதிவேட்டில் அவரோடு இரு மாணவர்கள் கையெழுத்திடுவோம். உடைந்த கண்ணாடி, பேட்டரி, டியூப் லைட், நாப்கின் ஆகியவற்றை மாணவர்கள் தொடமாட்டோம். முதல் இரண்டு வார எடையைக் கொண்டு பருவ இலக்கைத் தங்களிடம் எழுதித் தருவோம்.”

ஈரத்தாளைத் திருப்பிக் கொடுப்பது கொஞ்சம் கறாராகத் தெரியலாம். ஆனால் ஒரு வகுப்பின் சாம்பார் தாள் சாக்கில் விழுந்தால் மற்ற தாளும் ஒட்டிக்கொண்டு நாறும். கடைக்காரர் விலையைக் குறைப்பார், அல்லது சாக்கையே எடுக்கமாட்டார். சாக்கில் கைவிட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தாலே ஈரம் தெரிந்துவிடும்.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியே கிடக்கும் பாட்டிலில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே அந்த மாதங்களில் பாட்டிலை நசுக்கி, மூடியைப் போட்டு, கூரைக்குள் வைத்து வாராவாரம் விற்றுவிட வேண்டும். முதல்வர் மறுப்பதானால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மறுப்பார். அவர் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

புது மன்றம் என்றால் புது அனுமதி, புதுக் கோப்பு. தேசியப் பசுமைப் படைத் திட்டம் 2001-02-இல் தொடங்கியதிலிருந்து பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் பெயரளவிலாவது இருக்கிறது. அதன் ஒரு பிரிவாக நடத்த அனுமதி கேட்டால் முதல்வருக்கும் சுலபம்.

கடைக்காரர் எடுக்காத மிச்சத்துக்குக் கொம்யூன் பஞ்சாயத்தின் குப்பை வண்டிதான் வழி. அது எந்த நாளில் பள்ளி வாசலுக்கு வரும் என்று ஆணையருக்கு முதல்வர் பெயரில் ஒரு கடிதம் போகவேண்டும். அதற்கும் ஒரு வரைவை எழுதி இதோடு இணைத்துவிட்டால், அவருக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை மட்டுமே மிஞ்சும்.