இரண்டு அடுக்கில் எவ்வளவு ஃபீனால்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வேதியியல் ஆய்வகத்துக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். கடலோர ஊர்களில் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வருவது பெரும்பாலும் உவர்நீர்தான். குடிக்கவே காவிரி கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கும் பூமி இது. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளமே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாணவர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை எடுத்தால், பி.எஸ்சி. செய்முறைத் தேர்வுகளில் வழக்கமாக வரும் ஒரு சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபீனாலும் நீரும் எந்த வெப்பநிலையில் முழுமையாகக் கலக்கின்றன என்று பார்க்கும் சோதனை அது.

ஃபீனாலின் வாசனை பலருக்கும் பழக்கம். பழைய கார்பாலிக் சோப்பின் வாசனையே அது. சுத்தமான ஃபீனால் 41 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும். இராமேசுவரத்துக் கோடையிலும் பெரும்பாலும் புட்டியில் படிகமாகவே இருக்கும். ஆனால் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே உருகுநிலை இறங்கி, சாதாரண வெப்பத்திலேயே திரவமாகிவிடும்.

இந்தத் திரவத்தில் மேலும் மேலும் நீர் சேர்த்தால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். எண்ணெயும் நீரும்போல் இவை ஒன்றையொன்று அடியோடு ஒதுக்குவதில்லை. சாராயமும் நீரும்போல் எந்த அளவிலும் கலந்துவிடுவதும் இல்லை. ஓர் எல்லைவரை கலக்கும். அதைத் தாண்டினால் கலங்கி, நின்றதும் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே இருப்பது கொஞ்சம் ஃபீனால் கரைந்த நீர். கீழே இருப்பது கணிசமாக நீர் கரைந்த ஃபீனால். பாடநூல்கள் இப்படிப்பட்ட சோடியைப் பகுதியளவு கலக்கும் திரவங்கள் என்கின்றன.

சூடாக்கினால் எல்லை விரிகிறது. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைந்திருக்கவே விரும்புகின்றன. வெப்பம் ஏற ஏற, கலந்து சிதறும் போக்கு அந்தப் பிணைப்பை வென்றுவிடுகிறது. 66, 67 டிகிரி அளவில் ஒரு புள்ளி வருகிறது. அதற்கு மேல் எந்த விகிதத்தில் எடுத்தாலும் இரண்டும் ஒரே திரவம்தான். இதுவே உயர் மாறுநிலைக் கரைசல் வெப்பநிலை. ரஷ்ய வேதியியலாளர் அலெக்சேயெவ் இத்தகைய சோடிகளை 1886-லேயே முறையாக ஆராய்ந்து வெளியிட்டார்.

சோதனை எளிது. கொதிகுழாயில் 5 கிராம் ஃபீனால், அதனுடன் 3 மில்லி நீர். நீர்த்தொட்டியில் வைத்துக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சூடாக்க வேண்டும். கலங்கல் மறைந்து தெளியும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்து ஆறவிட வேண்டும். மறுபடி கலங்கும்போது ஒரு குறிப்பு. இரண்டின் சராசரிதான் விடை. பிறகு இன்னும் 2 மில்லி நீர், இன்னொரு அளவீடு. இப்படியே போனால் கிடைமட்ட அச்சில் ஃபீனாலின் எடை சதவீதமும் செங்குத்து அச்சில் வெப்பநிலையும் கொண்ட, கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோடு கிடைக்கும். தெளியும் வெப்பநிலைக்கும் கலங்கும் வெப்பநிலைக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தால், அவசரப்பட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள் அல்லது சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். தோலில் ஃபீனால் பட்டால் அந்த இடம் வெளுத்து மரத்துப்போகும். வலி தெரியாததால் அலட்சியம் வரும். கையுறை இல்லாமல் இந்தப் புட்டியைத் தொடக் கூடாது.

வளைகோட்டை வரைவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைப் படிப்பதில்தான் சுவையே இருக்கிறது. கிண்ணத்துக்கு வெளியே உள்ள எந்தப் புள்ளியும் ஒரே திரவம். உள்ளே உள்ள எந்தப் புள்ளியும் உண்மையில் ஒரு திரவமே அல்ல. அங்கே இருப்பது இரண்டு அடுக்கு. அந்த அடுக்குகளில் என்ன இருக்கிறது என்று அறிய, புள்ளி வழியாகக் கிடைமட்டமாக ஒரு கோடு இழுக்க வேண்டும். இதற்கு இணைப்புக்கோடு என்று பெயர். அது வளைகோட்டை இடப்பக்கம் வெட்டும் இடம் நீர் அடுக்கின் இயைபு, வலப்பக்கம் வெட்டும் இடம் ஃபீனால் அடுக்கின் இயைபு.

5 கிராம் ஃபீனாலும் 10 கிராம் நீரும் சேர்ந்த குழாயை 50 டிகிரியில் நிறுத்துவோம். மொத்தத்தில் ஃபீனால் 33.3 சதவீதம். 50 டிகிரியில் இணைப்புக்கோடு வளைகோட்டைச் சுமார் 11 சதவீதத்திலும் 63 சதவீதத்திலும் வெட்டுகிறது. ஆகவே மேலடுக்கில் நூற்றுக்கு 11 பங்கு ஃபீனால், கீழடுக்கில் 63 பங்கு. குழாயில் எந்த இடத்தில் துளி எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். 33 சதவீதம் என்பது எங்கேயும் இருக்காது.

அடுக்குகளின் எடைக்கும் அதே கோடு போதும். நம் புள்ளி இடமுனையிலிருந்து 33.3 கழித்தல் 11, அதாவது 22.3 தூரத்தில் இருக்கிறது. கோட்டின் முழு நீளம் 52. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.43. மொத்தம் 15 கிராமில் அந்தப் பங்கு, அதாவது 6.4 கிராம், ஃபீனால் அடுக்கு. மீதி 8.6 கிராம் நீர் அடுக்கு. புள்ளி எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்த அடுக்கே கனமாக இருக்கும் என்பதால் இதை நெம்புகோல் விதி என்பார்கள். விடையைச் சரிபார்ப்பதும் எளிது: 6.4-ல் 63 சதவீதம் 4 கிராம், 8.6-ல் 11 சதவீதம் ஏறத்தாழ 1 கிராம். போட்ட 5 கிராம் ஃபீனாலும் கணக்கில் வந்துவிட்டது.

இப்போது வெப்பநிலையை மாற்றாமல் இன்னும் 5 கிராம் நீர் ஊற்றினால்? ஃபீனால் அடுக்கு நீர்த்துப்போகும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆகாது. மொத்த இயைபு 25 சதவீதமாக நகர்கிறது. இணைப்புக்கோடு அதேதான், முனைகளும் அதே 11, 63. மாறுவது எடை மட்டும். ஃபீனால் அடுக்கு 5.4 கிராமாகச் சுருங்கி, நீர் அடுக்கு 14.6 கிராமாக வளரும். நீர் மொத்தம் ஏறக்குறைய 40 கிராமைத் தொடும்போது புள்ளி இடமுனைக்கே போய்விடும்; கீழடுக்கின் கடைசித் துளியும் கரைந்துபோகும். அந்தக் கடைசித் துளியும் 63 சதவீத ஃபீனாலாகத்தான் இருக்கும்.

வெப்பநிலையை மாற்றினால் கதை வேறு. பழைய 15 கிராம் குழாயையே 30 டிகிரிக்கு, நம் கடலோர அறையின் வெப்பத்துக்கு, ஆறவிடுவோம். அங்கே முனைகள் சுமார் 9, 70. கணக்குப் போட்டால் ஃபீனால் அடுக்கு 6 கிராம், நீர் அடுக்கு 9 கிராம். 20 டிகிரி இறங்கியும் எடை அரை கிராம்கூட நகரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடுக்குகள் அப்படியே இருப்பதாகத் தோன்றும். உள்ளே ஃபீனால் அடுக்கு 63-லிருந்து 70-க்குப் போயிருக்கிறது. அடுக்கின் உயரத்தை வைத்து இயைபைக் கணிக்க முயன்றால் இங்கே ஏமாற்றம்தான். வெளிநாட்டுப் பாடநூல்களில் 20 டிகிரிக்குக் கொடுத்திருக்கும் 8.4, 72.2 என்ற எண்களை அப்படியே எடுத்தாள்வதும் இந்த ஊர் வெப்பத்துக்குப் பொருந்தாது.

வளைகோட்டின் உச்சியைப் பிடிப்பதில் இன்னொரு சிக்கல். உச்சி மிகவும் தட்டையானது. ஃபீனால் 25 சதவீதத்திலிருந்து 45 சதவீதம்வரை மாறினாலும் கலக்கும் வெப்பநிலை கொஞ்சமே மாறும். ஆகவே வெப்பநிலையைத் துல்லியமாகச் சொல்லலாம். எந்த இயைபில் உச்சி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கோட்டின் நடுப்புள்ளியையும் குறியுங்கள். 30 டிகிரியில் 9-க்கும் 70-க்கும் நடு 39.5. 50 டிகிரியில் 11-க்கும் 63-க்கும் நடு 37. நடுப்புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டில் அமையும். அதை மேலே நீட்டி வளைகோட்டை வெட்டினால் 35 சதவீதத்தை ஒட்டி வரும். மாறுநிலை இயைபு அதுதான்.

அந்த இயைபில் குழாயை மெல்ல ஆறவிட்டால், கலங்குவதற்குச் சற்று முன்பு திரவத்தில் நீலச் சாயல் கொண்ட ஒளிர்வு தெரியும். அதைக் கலங்கல் என்று குறித்துக்கொண்டால் அளவீடு தவறும். அங்கே இன்னும் பிரிவு நடக்கவில்லை. ஃபீனால் செறிந்த சிறு கூட்டங்கள் உண்டாகிக் கலைகின்றன, அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. 1908-ல் ஸ்மொலுகோவ்ஸ்கியும் 1910-ல் ஐன்ஸ்டைனும் இந்த மாறுநிலை ஒளிர்வை விளக்கினார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1930-களில் ராமனிடம் ஆய்வு செய்த ஆர்.எஸ்.கிருஷ்ணன், மாறுநிலைக்கு அருகே இத்தகைய திரவக் கலவைகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தை ஆராய்ந்தார்; அவர் கண்டது கிருஷ்ணன் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

இனி உப்புக்கு வருவோம். சோடியம், குளோரைடு அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கின்றன. ஃபீனாலுக்கு மிஞ்சும் நீர் குறைகிறது, ஃபீனால் ஒதுக்கப்படுகிறது. எனவே கலக்கும் வெப்பநிலை மேலே போகிறது. லிட்டருக்கு 0.1 மோல், அதாவது ஏறக்குறைய 7.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதைச் சுமார் 8 டிகிரி உயர்த்தும் என்பது மருந்தியல் நூல்களில் வழக்கமாகத் தரப்படும் அளவு. சாதாரண உப்பும் இதே வரிசையில்தான். அந்த விகிதத்தில் பார்த்தால் லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள உவர்நீரே விடையை இரண்டு மூன்று டிகிரி தள்ளிவிடும். 67 வர வேண்டிய இடத்தில் 70 வந்தால் வெப்பமானியைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகிப்பது இந்த ஊரில் நியாயம்.

இதையே திருப்பிப் போட்டு, தெரியாத உப்புக் கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு. 0.2 முதல் 1 சதவீதம்வரை உப்புக் கரைசல்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஃபீனாலுடன் கலக்கும் வெப்பநிலையைப் பார்த்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும். தெரியாத கரைசலின் வெப்பநிலையை அதில் வைத்துச் செறிவைப் படிக்கலாம். செய்முறை ஏடுகள் இதை மாறுநிலை வெப்பநிலை என்றே எழுதுகின்றன. கறாராகச் சொன்னால், எடுத்துக்கொண்ட அந்த ஒரு விகிதத்துக்கான கலக்கும் வெப்பநிலைதான் அது. எல்லாக் குழாயிலும் விகிதம் ஒன்றாக இருக்கும்வரை கணக்குக்குப் பாதகமில்லை.

ஆனால் உப்பு சேர்ந்த கலவைக்கு வளைகோடு வரைந்து, முன்போல் கிடைமட்டக் கோடு இழுத்து அடுக்குகளின் இயைபைப் படிக்கக் கூடாது. இப்போது பொருள்கள் மூன்று. பிரியும்போது உப்பு இரண்டு அடுக்குக்கும் சமமாகப் போவதில்லை. பெரும்பகுதி நீர் அடுக்கிலேயே தங்கிவிடும். அந்த அடுக்கின் உப்புச் செறிவும் நாம் ஊற்றிய நீரின் செறிவும் வேறு வேறு. ஆகவே உண்மையான இணைப்புக்கோடு நாம் வரைந்த தாளின் தளத்திலேயே இல்லை. உப்பு மிக அதிகமானால் நீர் அடுக்கின் அடர்த்தி ஃபீனாலை மிஞ்சி, அடுக்குகளே மேல்கீழாக மாறிவிடும். உப்பளத்துச் செறிந்த நீரில் ஃபீனால் மேலேதான் மிதக்கும். அப்படிப்பட்ட கலவையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பிப்பெட்டில் கொஞ்சம் எடுத்து, ஃபீனாலை புரோமினேற்றத் தரம்பார்த்தலாலும், குளோரைடைச் சில்வர் நைட்ரேட்டாலும் தனித்தனியே அளக்க வேண்டும்.