சோப்புக்கு முன்னால் புளி

மத்தி மீனை ஆய்ந்து முடித்ததும் கை நேராகச் சோப்புக்குத்தான் போகும். நுரை பொங்கத் தேய்த்த பிறகும் கவிச்சி போகாது. சில நேரம் கூடினாற்போலவும் இருக்கும். அது பிரமை அல்ல.

கடல்மீனின் சதையில், உப்புநீரைத் தாக்குப்பிடிப்பதற்கென்று வாசனையில்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைன் என்ற வாயுவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். இந்த வாயு காரத்தன்மை கொண்டது. புளிப்பு பட்டால் உப்பாகி, காற்றில் கிளம்பாமல் தண்ணீரோடு போய்விடும். சோப்புக் கட்டியும் காரம் என்பதால், அடங்கிக் கிடப்பதையும் அது கிளப்பிவிடுகிறது.

ஆகவே முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் மீனின் சளியும் ரத்தமும் வெந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைத்த புளியின் சக்கையையோ பிழிந்த எலுமிச்சை மூடியையோ எடுத்து, நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு அதற்குப் பிறகுதான். அதை விட்டுவிடவும் முடியாது: மத்தி எண்ணெய் மிகுந்த மீன். அந்த எண்ணெய் காற்றுபட்டுச் சிக்கெடுக்கும்போது வரும் வாடைக்குப் புளி உதவாது.

எவர்சில்வர் பாத்திரத்துக்கும் இதே வரிசைதான். மண்சட்டிக்கு மட்டும் சோப்பு கூடாது. நுண்துளைகளில் இறங்கி அடுத்த குழம்பில் வெளிவரும். புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டி, கடலைமாவால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, வெயிலில் காயவைத்தால் போதும். இரும்புக் கல்லில் புளியை ஊறவிடாதீர்கள், துரு ஏறும். எல்லாம் கழுவியும் வாடை அடித்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முகர்ந்து பாருங்கள்.

ஃபிரிட்ஜில் பலர் ஒரு கிண்ணம் சமையல் சோடா வைக்கிறார்கள். காரமான வாயுவைக் காரமான சோடா பிடித்து வைக்காது. முதலில் தேட வேண்டியது மீன்தண்ணீர் ஒழுகிய இடத்தை. கண்ணாடித் தட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்புக்கு அடியில்தான் அது பெரும்பாலும் உறைந்திருக்கும். ஃபிரிட்ஜை அணைத்துத் தட்டை வெளியே எடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும் என்பதால், சற்று ஆறப்போட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, பிறகு பாத்திர லிக்விட் போட்டுக் கழுவுங்கள். கதவின் ரப்பர் மடிப்பையும் துடைத்துவிடுங்கள். அப்படியும் வாடை இருந்தால், ஃபிரிட்ஜின் பின்புறம் கம்ப்ரஸர் பக்கம் தண்ணீர் சேரும் தட்டைப் பாருங்கள். உள்ளே ஒழுகியது கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. காற்றில் தங்கிய மிச்ச வாடையை இழுக்க, கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கரித்தூள் பொட்டலம் ஒன்றை உள்ளே வைக்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: வினிகரோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்து துடைக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.