ஒரு நிமிடத்தில் ஒரு வீடு

கொடைக்கானலில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேவாக விடும் ஒரு குடும்பம் விளம்பர வீடியோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிமிட வீடியோவில் நிதானமாகப் பேசினால் நூறு சொற்களுக்குச் சற்று மேலேதான் அடங்கும். அதனால் எழுதும்போதே கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் இருபது விநாடி அறைகளுக்கு. கேமரா வாசலில் தொடங்கி கட்டில், ஜன்னல், குளியலறை என்று வெட்டாமல் நகரட்டும். குளியலறையைக் காட்டாவிட்டால், பார்ப்பவர் அது அறைக்கு வெளியே இருக்குமோ என்று சந்தேகப்படுவார். வெந்நீர் வரும் நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்து வாடகை. "2,500 ரூபாய் முதல்" என்று நிறுத்தினால், கிளம்பும்போது தகராறுதான் வரும். "இருவருக்கு, காலைச் சாப்பாட்டுடன், ஓர் இரவுக்கு 2,500, சனி இரவு 3,000, கூடுதல் ஆளுக்கு 600" என்று சொல்லுங்கள். அப்போது வெள்ளி, சனி தங்கும் மூவர் தாங்களே 6,700 என்று கூட்டிக்கொள்வார்கள்.

விதிகளைக் காரணத்தோடு சொன்னால் கடுமை தெரியாது: "மாடியில் பெரியவர்கள் தூங்குகிறார்கள், பத்து மணிக்கு மேல் பாட்டு வேண்டாம்."

கடைசியில் முன்பதிவு. வாட்ஸ்அப் எண், முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவை திரையிலும் எழுத்தாக நிற்கட்டும். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்படுவதால், அதையும் ஒரு வரியில் நினைவூட்டுங்கள்.