எழுபது வளைவுக் கணக்கு – 9
சாமை மெஷினை விற்ற மாதம்

கொல்லிமலையில் சாமையை விளைவிப்பதைவிட அரிசியாக்குவதுதான் பெரும்பாடு. உமி அவ்வளவு இறுக்கம். உரலும் உலக்கையுமாகப் பெண்கள் மணிக்கணக்கில் குத்திக்கொண்டிருந்த ஊர்களுக்கு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் மெஷின்களைக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. மெஷின் வந்தால் கணக்கும் வரும். ஒருநாள் அந்த மெஷின் பழசாகும், அதை விற்க நேரும். நோட்டுப் புத்தகங்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

செம்மேட்டுப் பக்கம் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 1-ல் மெஷின் ஓடத் தொடங்கியது. விலை 1,08,000 ரூபாய். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது வளைவும் ஏற்றிவர லாரி வாடகை 7,000. மேடை கட்டி, மின்இணைப்பு கொடுக்க 5,000. அந்த வாடகையைச் செலவில் எழுதிவிடும் குழுக்கள் உண்டு. அது தவறு. மலைக்கு வந்து ஓடும் நிலைக்கு வரும்வரை ஆனது எல்லாம் மெஷினின் அடக்கவிலைதான். ஆக, 1,20,000.

ஒன்பது வருடம் உழைக்கும், கடைசியில் பழைய இரும்பு விலையாக 12,000 தேறும் என்று குழு முடிவு செய்தது. மீதி 1,08,000-ஐ 108 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதத் தேய்மானம் 1,000 ரூபாய். அறுவடை இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும் மாதத்துக்கும் இதே ஆயிரம்தான்.

2024 மார்ச் 31-ல் 66 மாதம் முடிந்திருந்தது. தேய்மானம் 66,000 போக, ஏட்டில் மெஷினின் மதிப்பு 54,000. இன்னும் பெரிய மெஷின் வேண்டும் என்று, செப்டம்பர் 30-ல் இதை 52,000-க்கு விற்றார்கள். கழற்றி இறக்கிக் கொடுக்க 1,500 செலவு. கையில் நின்றது 50,500.

இப்போது லாபமா, நஷ்டமா? “54,000 மெஷின், 50,500 வந்தது, 3,500 நட்டம்” என்பார் கணக்கு எழுதுபவர். மார்ச் ஏட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மெஷின் குழுவுக்காக ஓடியிருக்கிறதே! அந்த ஆறு மாதத் தேய்மானம் 6,000-ஐ முதலில் எழுத வேண்டும். விற்ற நாளில் ஏட்டு மதிப்பு 48,000 ஆகிறது. 50,500-க்குப் போனதால் 2,500 லாபம்.

இங்கே ஒரு புத்திசாலி கேட்பார்: “ஆறாயிரம் செலவு, இரண்டாயிரத்து ஐந்நூறு லாபம். இரண்டையும் சேர்த்தாலும் அதே 3,500 தானே கழிகிறது?” உண்மைதான். அந்த வருடத்தின் மொத்த முடிவு ஒரு ரூபாய்கூட மாறாது. மாறுவது அரவைக் கூலி. அந்த ஆறு மாதத்தில் 6,000 கிலோ சாமை அரைத்திருந்தால், கிலோவுக்கு ஒரு ரூபாய் மெஷின் தேய்ந்திருக்கிறது. அதை எழுதாவிட்டால் கூலி கட்டுபடியாவதாகவே தோன்றும். அந்தக் கணக்கை நம்பி அடுத்த வருடமும் அதே கூலியை வைப்பார்கள். கூடவே, நல்ல விலைக்கு விற்றுவந்த பெண்ணை நட்டம் வைத்தவள் என்று கூட்டத்தில் பேசுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

தேதியிலும் ஒரு சிக்கல் வரும். ஆகஸ்டில் முன்பணம் வாங்கியிருக்கலாம். அதனால் ஆகஸ்டோடு தேய்மானம் நின்றுவிடாது. மெஷின் கைமாறி, வாங்குபவர் பொறுப்புக்குப் போன நாள்வரை எழுத வேண்டும். கம்பெனிகளுக்கு இது சட்டமே: 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, விற்ற தேதிவரை நாள் விகிதப்படி தேய்மானம் போடச் சொல்கிறது. வருமான வரிக் கணக்கு வேறு வழி. அங்கே ஒரே விகிதமுள்ள மெஷின்களெல்லாம் ஒரே தொகுப்பு. விற்ற பணத்தை அதன் மதிப்பிலிருந்து கழிப்பார்கள், விற்ற தேதிவரை தனித் தேய்மானம் கிடையாது. இரண்டையும் ஒரே நோட்டில் கலக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய பிழை, 52,000-ஐ அப்படியே வருமானத்தில் எழுதிவிடுவது. வருடக் கடைசியில் லாபம் வீங்கித் தெரியும், உறுப்பினர்கள் பங்கு கேட்பார்கள், புது மெஷினுக்கான பணம் கரைந்துபோகும். வேறு சிலர் மெஷின் கணக்கில் 52,000-ஐ மட்டும் கழித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மலையில் இல்லாத மெஷின் 68,000 ரூபாய்க்கு ஏட்டில் நின்றுகொண்டே இருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. விற்பனைக்குப் பிறகு அந்த மெஷினின் அடக்கவிலை 1,20,000, சேர்ந்த தேய்மானம் 72,000 இரண்டும் ஏட்டிலிருந்து முழுக்க நீங்கியிருக்க வேண்டும். வித்தியாசம் 48,000. அதற்கும் கையில் நின்ற 50,500-க்கும் இடையே உள்ள 2,500 லாபக் கணக்கில் தனி வரியாக இருக்க வேண்டும், அரவை வருமானத்தோடு சேரக் கூடாது. உங்கள் குழுவின் நோட்டைத் திறந்து, கடைசியாக விற்ற பொருளின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

(அடுத்த வாரம்: மானியத்தில் வந்த மெஷினுக்கு அடக்கவிலை என்ன?)