டெய்மோஸ் ஏன் கோள் ஆனது?

கோள்களின் நிலவுகளைப் பட்டியலிடும் ஓர் அட்டவணை இணையத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் 'செவ்வாய்' என்று ஒரே ஒரு பெட்டி. அதற்கு எதிரே போபோஸ், டெய்மோஸ் என்று இரண்டு வரிகள். இரண்டையும் ஆசஃப் ஹால் 1877-இல் கண்டறிந்ததால், ஆண்டுக்கும் ஒரே பெட்டிதான். கீழே வியாழன், அதற்கு எதிரே கலிலியோ 1610-இல் கண்ட நான்கு நிலவுகள். படிக்கிற கண்ணுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் பக்கத்துக்குள்ளே அது எழுதப்பட்டிருக்கும் விதம் வேறு:

```
<tr><td rowspan="2">செவ்வாய்</td>
    <td>போபோஸ்</td>
    <td rowspan="2">1877</td></tr>
<tr><td>டெய்மோஸ்</td></tr>
```

டெய்மோஸ் உள்ள இரண்டாம் வரியைப் பாருங்கள். அதில் இருப்பது ஒரே பெட்டி. `rowspan="2"` என்ற குறிப்பு, மேலே உள்ள பெட்டி இந்த வரியின் இடத்தையும் பிடித்துக்கொண்டது என்கிறது. இதைக் கவனிக்காமல் வரிவரியாகப் பிரிக்கும் நிரல், டெய்மோஸை முதல் பத்தியில் போட்டுவிடும். நிலவு கோளாகிவிடும்! சரியாகப் படிக்க வேண்டுமென்றால், மேலிருந்து இறங்கி வரும் பெட்டிகள் பிடித்த இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இடத்தில்தான் புதிய பெட்டியை வைக்க வேண்டும். பைத்தானின் pandas தொகுப்பில் உள்ள `read_html` இதைச் செய்து, இணைந்த பெட்டியின் மதிப்பை ஒவ்வொரு வரியிலும் நிரப்பியும் தருகிறது.

எக்செலில் நேரடியாக ஒட்டினால் பெட்டிகள் இணைந்தபடியே வரும். பார்க்க அழகுதான், ஆனால் மதிப்பு இருப்பது மேல் பெட்டியில் மட்டும். அளவு வேறுபடும் இணைந்த பெட்டிகள் இருந்தால் வரிசைப்படுத்தவும் எக்செல் மறுக்கும். அட்டவணையைத் தேர்ந்து `Unmerge Cells` கொடுங்கள். பிறகு கோள் பத்தியை மட்டும் தேர்ந்து, `Go To Special` வழியே `Blanks` எடுங்கள். செவ்வாய் A2-இல் இருந்தால், முதல் வெற்றிடம் A3. அங்கே `=A2` என்று தட்டி `Ctrl+Enter` அழுத்தினால், ஒவ்வொரு வெற்றிடமும் தனக்கு மேலே உள்ளதை வாங்கிக்கொள்ளும். ஆண்டுப் பத்திக்கும் இதே வேலை. முடிந்ததும் நகலெடுத்து, அதே இடத்தில் `Values` ஆக ஒட்டிவிடுங்கள். சூத்திரமாகவே விட்டால், வரிசைப்படுத்தும்போது கோள்கள் இடம் மாறிப்போகும்.

இரண்டு இடங்களில் இந்த வழி ஏமாற்றும். மூலத்திலேயே ஆண்டு தரப்படாத நிலவு ஒன்று இருந்தால், அந்த வெற்றிடமும் மேல் வரியின் ஆண்டால் நிரம்பிவிடும். பிரித்தபின் இரண்டு வகை வெற்றிடத்தையும் வேறுபடுத்த முடியாது. அதனால் பிரிப்பதற்கு முன்பே, உண்மையான வெற்றிடங்களில் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். இன்னொன்று இதைவிட மோசம். 'மொத்த நிலவுகள்: 2' என்று செவ்வாய்க்கு ஓர் இணைந்த பெட்டி இருந்தால், நிரப்பியபின் அந்த 2 இரண்டு வரிகளில் நிற்கும், கூட்டினால் நான்கு நிலவு காட்டும். மொத்தங்களை நிரப்பாதீர்கள், அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, வரிகளை எண்ணியே பெறுங்கள்.

கடைசியில் `=COUNTIF(A:A,"வியாழன்")` போட்டுப் பாருங்கள். இந்த அட்டவணையில் விடை 4 வர வேண்டும். வராவிட்டால் மூலப் பக்கத்தைத் திறந்து, பெட்டி எங்கே நழுவியது என்று வரிவரியாக ஒப்பிடுங்கள்.