விழுந்தவர் பதில் சொல்லாதபோது

பைக்கில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நாய் ஒன்று குறுக்கே பாய்கிறது. பிரேக்கை அழுத்துகிறீர்கள், வண்டி நின்றுவிடுகிறது. இன்னொரு நாள், அதே வேகம், அதே மாதிரி ஒரு நாய். ஆனால் அன்றைக்குச் சாலையில் மணல் கிடக்கிறது. முன்சக்கரம் வழுக்க, வண்டியோடு சாய்ந்து தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டே போய் நிற்கிறீர்கள். முதல் நாள் உங்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஆம்புலன்ஸ் தேவைப்படலாம். கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறது?

வேகம் சட்டென்று குறைவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். அது நடக்காது. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 11 மீட்டர். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றரை விநாடியில், ஒன்பது மீட்டருக்குள் வண்டி நிற்கும். கீழே விழுந்து சறுக்கிப் போகிறவரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில், அதே தூரத்தில்தான் நிற்கிறார். துணியும் தோலும் தாரில் உரசும் உராய்வு, டயரின் உராய்வைவிடப் பெரிதாக வேறுபடுவதில்லை. வாட்ச்சில் உள்ள ஜி.பி.எஸ். பொதுவாக விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கிறது. அதன் கணக்கில் இரண்டுமே ‘ஓடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்’ என்கிற ஒரே செய்திதான்.

சரி, அடியின் வேகத்தை அளக்கலாமே? அதற்கான சென்சார் எல்லா வாட்ச்சிலும் உண்டு. முடுக்கமானி என்று பாடப்புத்தகங்களில் வரும் ஆக்சலரோமீட்டர் அது. அதன் அளவுகோல் ‘ஜி’, அதாவது பூமியின் ஈர்ப்புக்கு எத்தனை மடங்கு என்ற கணக்கு. நல்ல பிரேக்கில் ஒரு ஜி கூட வராது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு காரின் பக்கவாட்டில் மோதி, ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் சுமார் 23 ஜி. கேட்டால் தெளிவான வித்தியாசம்தான். ஆனால் வாட்ச் இருப்பது மணிக்கட்டில். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஹேண்டில்பாரைப் பிடித்த கைக்கு அதிர்ச்சி நேரே வருகிறது. கை தட்டினாலும், மேசையில் ஓங்கித் தட்டினாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பெரிய எண் பதிவாகிவிடும். மறுபக்கம், மணலில் வழுக்கி இடுப்பில் விழுந்து சறுக்குகிறவரின் கை தரையில் மோதாமலே போகலாம். அடி பலமாகப் பட்டிருக்கும், எண் சிறியதாக இருக்கும்.

ஆகவே வாட்ச் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. நிகழ்வுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்க்கிறது. சைக்கிளில் இருந்து முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டவரை எடுத்துக்கொள்வோம். காற்றில் இருக்கும் நேரத்தில் ஆக்சலரோமீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும்; விழுந்துகொண்டிருக்கும் பொருளுக்கு எடை தெரியாது. ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழ அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் கை எந்தப் பக்கம் சுழல்கிறது, எவ்வளவு வேகமாகத் தரையைத் தேடி நீள்கிறது என்பதை ஜைரோஸ்கோப் குறித்துக்கொள்கிறது. பிறகு மோதல். அதன் பிறகு வருவதுதான் முக்கியம்: அசைவின்மை. பள்ளத்தில் இறங்கி ஏறியவர் ஹேண்டிலைத் திருப்புவார், ஆக்சிலேட்டரை முறுக்குவார், வழியில் போய்க்கொண்டே இருப்பார். அடிபட்டுக் கிடப்பவரின் மணிக்கட்டு அப்படியே கிடக்கும்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2022 செப்டம்பரில், ஐபோன் 14 உடனும் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8 உடனும் ‘கிராஷ் டிடெக்‌ஷன்’ வசதியைக் கொண்டு வந்தது. முந்தைய வாட்ச்களின் சென்சார் 32 ஜி வரைதான் அளந்தது. புதியது 256 ஜி வரை அளக்கும். ஏர்பேக் வெடித்து விரியும்போது கார் அறைக்குள் காற்றழுத்தம் மாறுவதையும், மோதும் பெரும் சத்தத்தையும் கூட அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நிறுவனமே சொல்வதுபடி இது கார், வேன், எஸ்.யூ.வி. போன்ற வண்டிகளின் கடுமையான விபத்துகளுக்காகச் செய்யப்பட்டது. பைக்கில் மூடிய அறை ஏது, ஏர்பேக் ஏது? மைக்ரோஃபோனுக்குக் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களுக்கென்று செய்யப்பட்டதல்ல இந்த வசதி. பைக் விபத்தில் அது வேலை செய்யக்கூடும். செய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

இருசக்கரக்காரருக்குக் கைகொடுக்கக்கூடியது அதைவிடப் பழைய ‘ஃபால் டிடெக்‌ஷன்’. வயதானவர்கள் வீட்டில் தடுக்கி விழுவதை மனதில் வைத்து 2018இல் சீரிஸ் 4 வாட்ச்சில் வந்தது. 2021இல் வந்த மென்பொருளில், சைக்கிள் ஓட்டும்போது விழுவதன் தனித்தன்மையையும் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இனி இயந்திரம் எப்படி முடிவெடுக்கிறது என்பதற்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் ஆயிரம் பேர் இந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் பள்ளம், வேகத்தடை என்று நூறு குலுக்கல். மொத்தம் ஒரு லட்சம். வாட்ச் பத்தாயிரம் குலுக்கலில் ஒன்றைத்தான் தவறாக விபத்து என்று நினைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தினமும் பத்துப் பொய் அலறல். அந்த ஆயிரம் பேரில் உண்மையிலேயே கடுமையாக விழுகிறவர் தினமும் ஒருவர் கூட இருக்கமாட்டார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நேரே அவசர எண்ணை அழைத்தால், உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை வெற்று அழைப்புகளாகிவிடும்.

இது வெறும் கணக்கல்ல, நடந்தே இருக்கிறது. 2022–23 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பனிச்சறுக்கு ஊர்களில், விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டு போனவர்களின் கருவிகள் அவசர உதவி மையத்தை அழைத்துக்கொண்டே இருந்தன. சம்மிட் கவுன்ட்டி மையத்தின் ஊழியர்கள் திணறிப் போனார்கள். ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களின் கருவிகளும் இப்படி அழைத்திருக்கின்றன. அதன் பிறகு நிறுவனம் மென்பொருளைப் பலமுறை திருத்தியது.

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது: சந்தேகம் வந்தால் விழுந்தவரையே கேட்பது. ஆப்பிள் வாட்ச்சில், கடுமையாக விழுந்தது போலிருந்தால் மணிக்கட்டில் தட்டி, ஒலி எழுப்பி, விழுந்தீர்களா என்று திரையில் கேட்கும். ‘விழுந்தேன், ஆனால் நலமாக இருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு பட்டன், ‘விழவில்லை’ என்று ஒரு பட்டன், உடனே உதவி கேட்க ஒன்று. பதில் இல்லை, உடலிலும் சுமார் ஒரு நிமிடம் அசைவில்லை என்றால் 30 விநாடி எண்ணத் தொடங்கும். ஒலி கூடிக்கொண்டே போகும். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் அவசர எண்ணை அழைக்கிறது. கடுமையாக விழுந்ததைத் தான் கண்டதாகவும், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இன்னதென்றும் பதிவுக் குரலில் சொல்கிறது. நீங்கள் குறித்துவைத்த உறவினர்களுக்கும் செய்தி போகிறது. ஆக, கடைசியில் அழைப்பைத் தீர்மானிப்பது உங்கள் மௌனம்தான்.

சைக்கிள்காரர்கள் அதிகம் கட்டும் கார்மின் வாட்ச்சின் ‘இன்சிடென்ட் டிடெக்‌ஷன்’ வேறு வழியில் போகிறது. அது ஆம்புலன்ஸை அழைப்பதில்லை. மாடலைப் பொறுத்து 15 அல்லது 30 விநாடி காத்திருந்துவிட்டு, உங்கள் பெயரையும் இடத்தையும் நீங்கள் கொடுத்துவைத்த ஆட்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்புகிறது. பொய் அலறல் வந்தால் நஷ்டம், அம்மா ஒருமுறை பதறுவதோடு போகும். உண்மை விபத்தென்றால், அம்மா அந்த நேரத்தில் போனைப் பார்க்க வேண்டும். பயணப் பதிவை ஆரம்பித்திருக்க வேண்டும், போன் கூடவே இருக்க வேண்டும், அதில் இணைப்பும் இருக்க வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் செய்தி போகாது.

ஆப்பிளின் ‘ஒரு நிமிட அசைவின்மை’ நிபந்தனையில்தான் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உடல் அசைவதாகத் தெரிந்தால் வாட்ச் தானாக அழைக்காது. பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நம் சாலையில் ஒருவர் விழுந்தால் அரை நிமிடத்தில் நாலு பேர் ஓடிவந்து தூக்கி உட்கார வைப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், தோளைப் பிடித்து உலுக்குவார்கள். மணிக்கட்டு அசைகிறது. நினைவில்லாதவரின் அசைவா, நலமானவரின் அசைவா என்று வாட்ச்சுக்குத் தெரிய வழியில்லை.

இதைக் கட்டுகிறவர்கள் செய்து வைக்கவேண்டியது கொஞ்சம்தான். ஐபோனின் Watch ஆப்பில் Emergency SOS பகுதிக்குப் போய் Fall Detection இயங்குகிறதா என்று பாருங்கள். 55 வயதைக் கடந்தவர் என்று பதிவு செய்தவர்களுக்குத் தானாகவே இயங்கும். மற்றவர்கள் தாங்களே சரிபார்க்க வேண்டும். உடற்பயிற்சியின்போது மட்டும் இயங்கும்படி வைத்திருந்தால் சைக்கிளுக்குப் போதும், பயிற்சியைத் தொடங்க மறக்காதவரை. பைக்கில் அலுவலகம் போகிறவர் யாரும் உடற்பயிற்சியைத் தொடங்குவதில்லை, அதனால் அவர் Always On வைக்க வேண்டும். அவ்வப்போது பொய் அலறல் வரும். ஒரு பட்டனில் அடங்கிவிடும். சிம் வசதி இல்லாத வாட்ச் என்றால் அழைப்பு போன் வழியாகத்தான் போகும். ஹேண்டில்பாரில் மாட்டிய போன் மோதலில் பறந்து எங்கோ விழலாம். சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ இருப்பது நல்லது. Medical ID பகுதியில் ரத்த வகையையும் ஒவ்வாமைகளையும் எழுதி வையுங்கள்.

சாலையில் அடிபட்டவரைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிடப்பவரின் வாட்ச் கத்திக்கொண்டிருந்தால், சத்தம் பொறுக்காமல் கண்ணில் பட்ட பட்டனை அழுத்திவிடாதீர்கள். ‘நலம்’ என்ற பட்டனில் விரல் பட்டால், வரவிருந்த உதவி அங்கேயே நின்றுவிடும். அதை அதன்போக்கில் விட்டுவிட்டு, உங்கள் போனில் 108ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மீது வழக்குப் போட முடியாதபடி 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு தந்திருக்கிறது. நீங்கள் தயங்க வேண்டியதில்லை.